ஒரே டாக்டர், திங்கட்கிழமை காலை: அப்பாயின்ட்மென்ட்டையும் வாக்-இன்னையும் எப்படிக் கோப்பது?

முன்மேசை · திங்கள், இரவு 9.40

வணக்கம். சிங்கப்பூர் ஈசூனில் ஒரு வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் சின்ன கிளினிக்கில் முன்மேசை வேலை பார்க்கிறேன். ஒரே டாக்டர். காலை 9 முதல் 12.30 வரை, மதியம் 2 முதல் 4.30 வரை, அப்புறம் மாலையில் ஒரு செஷன். தலைவலி எல்லாம் காலையில்தான், அதிலும் திங்கட்கிழமை.

முன்பெல்லாம் எல்லாரும் வாக்-இன். வந்து நம்பர் எடுத்து உட்காருவார்கள், சண்டையே வராது. 2023 ஜூலையில் அரசாங்கத்தின் ஹெல்தியர் எஸ்ஜி திட்டம் தொடங்கிய பிறகு சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு என்று எங்களிடம் பதிந்துகொண்டவர்கள் கூடிவிட்டார்கள். அவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுத்தால் காத்திருக்க வேண்டாமே என்று டாக்டர் சொல்ல, காலை 9 மணியிலிருந்து 15 நிமிடத்துக்கு ஒரு ஸ்லாட் திறந்தோம். ஒரு காலைக்கு 12 பேர் வரை புக் ஆகிறது. வாக்-இன்காரர்களை நடுநடுவே நுழைக்கிறோம்.

இப்போது நடப்பது: 10.30க்கு நேரம் வாங்கியவர் 11.20க்கு உள்ளே போகிறார், முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு. அவர் உள்ளே போவதைப் பார்த்து, 9.15க்கே வந்த வாக்-இன் ஆள் கவுன்டரில் வந்து நிற்கிறார்: "நான் வந்து இரண்டு மணி நேரமாச்சு, இவர் எப்படி முன்னாடி?" நேரம் வாங்கிவிட்டு 20 நிமிடம் பிந்தி வருபவர் "என் அப்பாயின்ட்மென்ட் என்ன ஆச்சு" என்கிறார். நடுவில் நெஞ்சுவலி என்று யாராவது வந்தால் அன்றைய காலை முடிந்தது. டாக்டர் சாப்பிட உட்காரும்போது மணி 1.30. 2 மணிக்கு அடுத்த செஷன்.

ஸ்லாட்டை 10 நிமிடமாகக் குறைக்கலாமா, இல்லை 20 ஆக்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

கோப்பி_கொசோங் · திங்கள், இரவு 10.05

குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். ஒரே நேரத்துக்கு இரண்டு பேரைப் போடுங்கள். எங்கள் தொழிலிலும் அப்படித்தான் (நான் முடிதிருத்தகம் வைத்திருக்கிறேன், சிரிக்காதீர்கள்). நேரம் வாங்கியவர்களில் எப்படியும் சிலர் வரமாட்டார்கள். இரண்டு பேரைப் போட்டால் நாற்காலி காலியாக இருக்காது. முக்கியமாக 9 மணிக்குக் கட்டாயம் இரண்டு பேர். முதல் ஆள் பிந்தினால் டாக்டர் சும்மா உட்கார்ந்திருப்பாரே.

---

மூத்தமகன் · திங்கள், இரவு 10.20

இதைத்தான் நானும் கேட்கிறேன். என் அப்பாவுக்கு 74 வயது, பலதுறை மருந்தகத்தில் மாதக் கணக்கில் முன்னாலேயே நேரம் வாங்கியும் உட்கார்ந்துதான் இருக்கிறார். சர்க்கரை மாத்திரை போடாமல், சாப்பிடாமல் ரத்தப் பரிசோதனைக்காக வெறும் வயிற்றோடு போகிறார். நேரம் என்று ஒன்றைக் கொடுத்தால் அந்த நேரத்துக்குப் பார்க்க வேண்டாமா? ஏன் அங்கேயும் இப்படி?

---

வரிசைக்கணக்கு · திங்கள், இரவு 10.50

@மூத்தமகன், பலதுறை மருந்தகத்தில் பல டாக்டர்கள், பல அறைகள். அங்கே வரும் சிக்கல் வேறு வகை. இங்கே கேட்பது ஒரே டாக்டர் உள்ள சின்ன இடம். ஆனால் வெறும் வயிற்று விஷயத்தை விடாதீர்கள், அதற்குப் பிறகு வருகிறேன்.

@முன்மேசை, நான் மருத்துவமனைகளில் வெளிநோயாளர் நேரத் திட்டமிடலில் வேலை பார்த்தவன். ஸ்லாட் எத்தனை நிமிடம் என்ற கேள்வி மூன்றாவதாக வர வேண்டியது. முதலில் இரண்டு எண்கள் வேண்டும். திங்கள் காலையில் வாக்-இன் எத்தனை பேர் வருகிறார்கள், எந்த மணியில் எத்தனை பேர்? வாக்-இன் ஒருவருக்கு டாக்டர் அறைக்குள் எத்தனை நிமிடம், அப்பாயின்ட்மென்ட் ஒருவருக்கு எத்தனை நிமிடம்?

உங்கள் கம்ப்யூட்டரில் பதிவு செய்த நேரம் இருக்கும். உள்ளே போன நேரமும் வெளியே வந்த நேரமும் இருக்காது. ஒரு துண்டுச் சீட்டில் எழுதினால் போதும். சராசரியை ஊகித்துச் சொல்லாதீர்கள். முன்மேசையில் இருப்பவர்களுக்கு நீண்டுபோன ஆள்தான் ஞாபகத்தில் நிற்பார், ஐந்து நிமிடத்தில் போனவர் நிற்கமாட்டார்.

---

பல்வரிசை · செவ்வாய், காலை 8.15

நான் பல் கிளினிக்கில் இருக்கிறேன். எங்களுக்கு இது பிரச்சினையே இல்லை. வேர் சிகிச்சை என்றால் ஒரு மணி நேரம், சுத்தம் செய்வது என்றால் அரை மணி, எல்லாம் முன்கூட்டியே தெரியும். வாக்-இன் வந்தால் "இன்று இடமில்லை" என்று சொல்லிவிடுவோம். நீங்களும் வாக்-இன்னை நிறுத்திவிட்டால் என்ன?

---

முன்மேசை · செவ்வாய், மதியம் 1.10

@பல்வரிசை, திங்கள் காலை ஷட்டர் திறக்கும் முன்பே நாலு பேர் நிற்பார்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, எம்சி வேண்டும். "நாளை மறுநாள் வாருங்கள்" என்றால் அடுத்த புளோக்கில் இன்னொரு கிளினிக் இருக்கிறது, அங்கே போய்விடுவார்கள். எங்கள் வருமானத்தில் பாதி அவர்கள்.

@வரிசைக்கணக்கு, போன மாதம் சீட்டு எழுதி வைத்தது எங்களிடம் இருக்கிறது, டாக்டரே எழுதச் சொன்னார், அப்புறம் யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. இப்போது எடுத்துக் கூட்டினேன். திங்கள் காலையில் வாக்-இன் சுமார் 14 பேர். 9 முதல் 10 வரை 7, 10 முதல் 11 வரை 4, 11 முதல் 12 வரை 2, அதன் பிறகு 1. அறைக்குள் சராசரி 6 நிமிடம். அப்பாயின்ட்மென்ட் ஆட்களுக்குச் சராசரி 14 நிமிடம். கால் பார்ப்பது, மாத்திரை மாற்றுவது, சாஸ் சலுகை, மெடிசேவ் கணக்குப் பேச்சு எல்லாம் சேர்ந்து. புதன்கிழமை வாக்-இன் 8 பேர்தான்.

---

வரிசைக்கணக்கு · செவ்வாய், இரவு 9.15

அருமை. இனி கூட்டல்தான்.

உங்கள் காலை செஷன் 210 நிமிடம். திங்கள் வாக்-இன் 14 பேருக்கு 6 நிமிடம் வீதம் 84. அப்பாயின்ட்மென்ட் 12 பேருக்கு 14 வீதம் 168. மொத்தம் 252. அதாவது ஒருவர்கூடப் பிந்தாமல், நெஞ்சுவலி எதுவும் வராமல் இருந்தாலும் 42 நிமிடம் அதிகம். டாக்டர் 12.30க்குப் பதில் 1.12க்கு எழுவது அட்டவணையிலேயே எழுதிவைத்த விஷயம். 10 நிமிட ஸ்லாட், 20 நிமிட ஸ்லாட், எதைப் போட்டாலும் இது மாறாது.

திங்கள் காலைக்கு 7 அப்பாயின்ட்மென்ட் போதும். 98ம் 84ம் 182. மீதி 28 நிமிடம் கையில் இருக்கும். அந்த 28ஐயும் நிரப்பிவிடலாமே என்று தோன்றும். நிரப்பாதீர்கள். ஒவ்வொருவரும் சரியாகச் சராசரி நேரமே எடுத்தால் நிரப்பலாம். ஆனால் ஒருவர் 4 நிமிடத்தில் போவார், அடுத்தவர் 20 நிமிடம் இருப்பார். சீக்கிரம் முடிந்து மிஞ்சும் நிமிடத்தை, அடுத்த ஆள் வந்திருக்காவிட்டால் சேமிக்க முடியாது. தாமதமோ அப்படியே அடுத்தவர் தலையில் விழும். அட்டவணை முழுக்க நிரம்பியிருந்தால் அந்தத் தாமதம் கடைசி வரை கரையவே கரையாது.

புதன்கிழமைக்கு வாக்-இன் 48 நிமிடம் என்பதால் 9 அப்பாயின்ட்மென்ட் தாங்கும். ஒவ்வொரு நாளுக்கும் ஒரே அட்டவணை வைத்திருப்பதுதான் பாதிச் சிக்கல்.

@கோப்பி_கொசோங், நீங்கள் சொன்ன "9 மணிக்கு இரண்டு பேர்" பழைய, நல்ல யோசனை. 1952இல் பிரிட்டனில் பெய்லி, வெல்ச் என்ற இருவர் மருத்துவமனை வெளிநோயாளர் பிரிவுக்கு இதையே சொன்னார்கள்: தொடக்கத்தில் இருவரை வரச்சொல், பிறகு சராசரி நேர இடைவெளியில் ஒவ்வொருவராக. டாக்டர் சும்மா இருக்கக்கூடாது என்பதற்கு அது. ஆனால் அங்கே வாக்-இன் கணக்கில் இல்லை. இவர்களுக்கு ஷட்டர் முன்னாலேயே நாலு பேர் நிற்கிறார்கள். தொடக்கத்தில் டாக்டரைச் சும்மா விடாமல் பார்த்துக்கொள்ள அவர்களே போதும். வராதவர்களுக்காக இரட்டை புக்கிங்கும் அதே கதைதான். ஒருவர் வராவிட்டால் அந்த 14 நிமிடத்தில் காத்திருக்கும் இரண்டு வாக்-இன் உள்ளே போய்விடும். வாக்-இன் இல்லாத இடத்துக்குத்தான் இரட்டை புக்கிங் தேவை. இங்கே போட்டால், இருவரும் வந்துவிடும் நாளில் அடி விழும்.

---

கோப்பி_கொசோங் · செவ்வாய், இரவு 9.40

சரி, என் நாற்காலிக்கு ஷட்டர் முன்னால் யாரும் நிற்பதில்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மதியம் 2 மணிக்கு இவர்களுக்கும் வாக்-இன் இருக்காதே? அப்போது என் யோசனை செல்லும் இல்லையா?

---

வரிசைக்கணக்கு · செவ்வாய், இரவு 9.55

செல்லும். மதியத்துக்கு நீங்கள் சொன்னது சரி. ஆனால் அதற்கும் முன்னால், நேரம் முன்கூட்டியே தெரிந்த வேலைகளை மதியத்துக்குத் தள்ளலாம். பணிப்பெண்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை செய்யும் பரிசோதனை, தடுப்பூசி, மூத்த ஓட்டுநர்களுக்கான பரிசோதனை. எதற்கும் திங்கள் காலை அவசியமில்லை.

இப்போது காலைக்கு 7 பேரை எங்கே வைப்பது? வாக்-இன் அடர்த்தியாக வரும் மணியில் குறைவாக, அது மெலியும் மணியில் அதிகமாக. 9 முதல் 10 வரை வாக்-இன்னே 42 நிமிடம் எடுத்துக்கொள்ளும், ஆகவே ஒருவர்தான். அடுத்த மணியில் இருவர், அதற்கடுத்து மூவர், கடைசி அரை மணியில் ஒருவர். நேரமாக எழுதினால் இப்படி:

9.40, 10.10, 10.40, 11.00, 11.15, 11.40, 12.05.

இடைவெளி ஒழுங்காக இல்லை என்று கவலைப்படாதீர்கள். 9 மணிக்கு யாருக்கும் நேரம் கொடுக்காதீர்கள் என்பதுதான் இதில் முக்கியம். ஷட்டர் திறக்கும்போது நாலு பேர் நிற்க, 9 மணி அப்பாயின்ட்மென்ட் ஒருவர் 8.58க்கு வந்து நேராக உள்ளே போனால் காலை சண்டையோடுதான் தொடங்கும்.

---

ஓய்வுதாதி · புதன், காலை 7.30

குறுக்கே பேசுகிறேன். கிளினிக்குகளில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். தம்பி கணக்கு சரி. ஆனால் டாக்டர் அறையை மட்டும் பார்க்கிறார்.

நம் ஊர் கிளினிக்கில் மருந்தும் அங்கேயே கொடுக்கிறோம். அதே கவுன்டரில் ஒரு பெண் புதிதாக வந்தவரைப் பதிகிறாள், போனை எடுக்கிறாள், மருந்தைப் பையில் போட்டு எப்படிச் சாப்பிடுவது என்று சொல்கிறாள், காசு வாங்குகிறாள். சர்க்கரைக்காரருக்கு மூன்று மாத மருந்து எண்ணி, சாஸ் கழித்து, மெடிசேவ் போட்டு முடிக்க டாக்டர் எடுத்துக்கொண்ட நேரத்துக்கு மேலேயே ஆகும். உட்கார்ந்திருப்பவருக்கு எல்லாம் ஒரே காத்திருப்புத்தான், "டாக்டர் ஸ்லோ" என்பார்.

எப்படிக் கண்டுபிடிப்பது? சீட்டில் நாலு நேரம் எழுதுங்கள் அம்மா: வந்தது, உள்ளே போனது, வெளியே வந்தது, மருந்தோடு கிளம்பியது. மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவே 20 நிமிடம் இருந்தால், டாக்டர் அட்டவணையை எப்படி மாற்றினாலும் ஹாலில் கூட்டம் குறையாது. அப்பாயின்ட்மென்ட் ஆட்களின் வழக்கமான மருந்தை முதல் நாள் மதியமே எண்ணித் தனித்தனிப் பையில் வைத்துவிடுங்கள். டாக்டர் மாற்றினால் அந்த ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு மாற்றிப் போடலாம். யாருக்கு எந்தப் பை என்று கொடுக்கும்போது மறுபடி சரிபாருங்கள், அதில் மட்டும் அவசரம் கூடாது.

மூத்தமகன் சொன்ன வெறும் வயிறு விஷயம். ரத்தம் எடுக்க டாக்டர் ஸ்லாட் எதற்கு? தாதி இருக்கும் நேரத்தில் சந்திப்புக்கு ஒரு வாரம் முன்னாலேயே காலையில் வந்து ரத்தம் கொடுத்துவிட்டு, கோப்பிக்கடையில் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். டாக்டரைப் பார்க்கும் நாளில் முடிவு கையில் இருக்கும், ஒரே சந்திப்பில் வேலை முடியும். மூன்று மாத சர்க்கரை அளவு மட்டும் என்றால் வெறும் வயிறே தேவையில்லை. அப்பாவிடம் மட்டும் ஒன்று சொல்லுங்கள் தம்பி: மாத்திரையை நிறுத்துவதா வேண்டாமா என்று அவராக முடிவு செய்ய வேண்டாம், முதலில் கேட்டுக்கொள்ளட்டும்.

---

முன்மேசை · புதன், மதியம் 1.25

அக்கா, அந்த நாலாவது நேரத்தை நாங்கள் எழுதவே இல்லை. நாளையிலிருந்து எழுதுகிறோம். தாதி எங்களுக்கு காலையில் மட்டும்தான், அது இதற்குப் பொருத்தம்.

@வரிசைக்கணக்கு, அட்டவணையை டாக்டரிடம் காட்டினேன். "7 பேரா? மீதி 5 பேரை எங்கே போடுவது?" என்று கேட்டார். புதன், வியாழன் மதியம் என்று சொன்னேன், ம்ம் என்றார். ஆனால் அவர் கேட்ட அடுத்த கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. 10.10 ஆள் 10.30க்கு வந்தால்? நடுவில் எமர்ஜென்சி வந்தால்? அடுத்து யார் என்று அந்த நிமிடத்தில் முடிவு செய்வது நான்தானே.

---

வரிசைக்கணக்கு · புதன், இரவு 10.30

அதற்கு விதி வேண்டும், அதுவும் கவுன்டரில் நிற்பவர் யோசிக்காமல் சொல்லக்கூடிய விதி. நான் வைப்பது இது.

டாக்டர் அறை காலியாகும்போது, நேரம் ஆகிவிட்ட, வந்து உட்கார்ந்திருக்கும் அப்பாயின்ட்மென்ட் ஆள் இருந்தால் அவர். இல்லாவிட்டால் வாக்-இன், வந்த வரிசையில். ஆனால் தொடர்ந்து இரண்டு அப்பாயின்ட்மென்ட் போனால் அடுத்தது கட்டாயம் ஒரு வாக்-இன். இந்தக் கடைசி வரி இல்லாவிட்டால் அட்டவணை பிந்தும் நாளில் வாக்-இன் ஆள் நகரவே மாட்டார். சீக்கிரம் வந்த அப்பாயின்ட்மென்ட் ஆளுக்கு அவர் நேரம் வரும்வரை முன்னுரிமை கிடையாது. நம் பெரியவர்கள் 11 மணி அப்பாயின்ட்மென்ட்டுக்கு 10 மணிக்கே வந்து உட்காருவார்கள், அவர்களைப் பார்த்துப் பாவப்பட்டு முன்னால் அனுப்பினால் நேரம் என்பதற்கே அர்த்தம் போய்விடும். ஹாலில் யாருமே இல்லையென்றால் தாராளமாக அனுப்புங்கள்.

பிந்துபவர்: 15 நிமிடம் வரை அவர் இடம் அவருக்கே, உள்ளே இருப்பவர் வெளியே வந்ததும் போகலாம். அதற்கு மேல் பிந்தினால் வந்த நேரத்திலிருந்து அவர் ஒரு வாக்-இன். திருப்பி அனுப்புவதில்லை, திட்டுவதும் இல்லை.

எமர்ஜென்சிக்குத் தனி ஸ்லாட் வைக்காதீர்கள். அது வரும் நேரம் யாருக்கும் தெரியாது, வராத நாளில் காலியாகப் போகும். அந்த 28 நிமிடம்தான் அதற்கும். வந்துவிட்டால் முன்மேசை செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது: இன்னும் வீட்டை விட்டுக் கிளம்பாதவர்களுக்கு உடனே செய்தி. ஹாலில் உட்கார்ந்திருப்பவருக்கு நேரத்தை மாற்றிப் பயனில்லை, அவர் ஏற்கெனவே காத்திருக்கிறார்.

ஒரு திங்களை ஓட்டிப் பார்ப்போம், அப்போதுதான் புரியும். எல்லாருக்கும் சராசரி நேரம் என்று வைத்துக்கொள்கிறேன்.

9 மணிக்கு நாலு பேர், அடுத்த அரை மணியில் இன்னும் மூவர். 9.42க்குள் ஏழு பேரும் முடிந்துவிடுகிறார்கள். 9.40 ஆள் 9.42க்கு உள்ளே, 9.56க்கு வெளியே. சில நிமிடம் டாக்டர் சும்மா. நல்லது, தண்ணீர் குடிக்கட்டும். பிறகு 10.02க்கும் 10.07க்கும் வந்த இரண்டு வாக்-இன் 10.14க்குள் முடிகிறார்கள். 10.10 ஆளைக் காணோம். 10.18க்கு வந்த வாக்-இன் உடனே உள்ளே.

10.20க்கு ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வியர்த்துப்போய் உள்ளே வருகிறார். ஐசி கேட்பதற்கு முன் சிகிச்சை அறை. டாக்டர் பாதியில் எழுந்து போகிறார். இசிஜி, 995, ஆம்புலன்ஸ், கடிதம். டாக்டர் கை காலியாக 10.45. இதற்குள் 10.25க்கே முன்மேசை செய்தி அனுப்பியாயிற்று: 11.15 ஆளுக்கு 11.40, 11.40 ஆளுக்கு 12.00, 12.05 ஆளுக்கு 12.20. 10.40, 11.00 ஆட்கள் வழியிலோ ஹாலிலோ இருக்கிறார்கள், அவர்களைத் தொடவில்லை.

10.45க்குப் பாதியில் நின்ற வாக்-இன்னை முடிக்கிறார், 10.50. ஹாலில் 10.32க்கு வந்த 10.10 ஆள், 10.35க்கு வந்த வாக்-இன் ஒருவர், 10.40 ஆள். விதிப்படி 10.40 ஆள், 11.04 வரை. அடுத்து 11.00 ஆள், 11.18 வரை. இரண்டு அப்பாயின்ட்மென்ட் ஆயிற்று, இனி வாக்-இன் முறை. வரிசையில் முதல் ஆள் நம் பிந்தியவர், 11.32 வரை. 10.35 வாக்-இன் அதன் பிறகு 11.38 வரை. 11.05க்கு வந்தவர் 11.44 வரை. 11.40க்கு மாற்றிய ஆள் 11.58 வரை, 11.30 வாக்-இன் 12.04 வரை. 12.00 ஆள் 12.18 வரை. 12.10க்கு வந்த கடைசி வாக்-இன் 12.24 வரை. 12.20 ஆள் 12.38க்கு வெளியே.

ஒரு பெரிய எமர்ஜென்சி, 22 நிமிடம் பிந்திய ஒருவர், இருந்தும் டாக்டர் எழுவது 12.38. செய்தி போனவர்கள் வந்து சில நிமிடத்தில் உள்ளே போகிறார்கள். வாக்-இன் பதிவை 12.15க்கு மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் இந்தக் கணக்கு நிற்காது.

---

மூத்தமகன் · புதன், இரவு 11.05

உங்கள் கணக்கில் 10.35க்கு வந்த வாக்-இன் ஆள் 6 நிமிட வேலைக்கு 57 நிமிடம் உட்கார்ந்திருக்கிறார். பிந்தி வந்தவர் அவருக்கு முன்னால் 14 நிமிடம் எடுத்துக்கொண்டார். இது நியாயமா?

---

வரிசைக்கணக்கு · புதன், இரவு 11.20

மூன்று நிமிடம் முன்னால் வந்தார், அதனால் முன்னால் போனார். சிறிய வேலையை முன்னால் விட்டால் மொத்தக் காத்திருப்பு குறையும் என்பது உண்மை: வாக்-இன் 14 நிமிடம் முன்னதாகப் போவார், பிந்தியவருக்கு 6 நிமிடம்தான் கூடும். ஆனால் அந்தத் தேர்வை முன்மேசையிடம் விட்டால் "இவருக்குச் சின்ன வேலை, அவருக்குப் பெரிய வேலை" என்று ஹாலில் சத்தமாக முடிவு செய்ய வேண்டிவரும். காய்ச்சல் என்று சொல்லி உள்ளே போய் நாலு மாதத்துப் பிரச்சினையைத் திறப்பவரும் உண்டு. நான் வந்த வரிசையையே வைப்பேன்.

---

ஓய்வுதாதி · வியாழன், காலை 7.10

நான் வைக்கமாட்டேன். அந்த 10.10 ஆள் ஏன் பிந்தினார் என்று பார்க்க வேண்டாமா? சக்கர நாற்காலியில் வருபவர், மகள் வேலைக்கு லீவு போட்டு அழைத்து வருகிறாள், மின்தூக்கியில் நின்று, மழையில் டாக்சி கிடைக்காமல் வந்திருப்பார்கள். அவர்களையும் தூங்கி எழுந்து வந்தவரையும் ஒரே விதியில் போட முடியாது. அவர்களுக்கு முதலிலேயே 11.40 போல ஒரு நேரம் கொடுங்கள், பிந்தினாலும் பின்னால் ஆள் குறைவு.

இன்னொன்று, எமர்ஜென்சி என்றால் நெஞ்சுவலி மட்டும் இல்லை. அது எப்போதோ ஒரு நாள். அடிக்கடி வருவது நடுத்தரமானது: மூச்சு இழுக்கும் பிள்ளை, சுருண்டு கிடக்கும் காய்ச்சல் குழந்தை, கை வெட்டிக்கொண்டு துணி சுற்றி வந்தவர். கவுன்டருக்குப் பின்னால், நோயாளிகள் கண்ணில் படாத இடத்தில், ஒரு தாள் ஒட்டுங்கள். மேல் பாதியில் டாக்டரை உடனே எழுப்ப வேண்டியவை: நெஞ்சுவலி, பேச முடியாத மூச்சுத்திணறல், வாய் கோணல் அல்லது பேச்சுக் குழறல், மயக்கம், நிற்காத ரத்தம், ஊசி மருந்துக்குப் பிறகு முகம் உதடு வீக்கம், மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல். கீழ்ப் பாதியில், உள்ளே இருப்பவர் வந்ததும் அடுத்து போக வேண்டியவை. என்னென்ன என்று டாக்டரே எழுதிக் கையெழுத்துப் போடட்டும். முன்மேசைப் பெண் தானாக "இது சீரியஸ் இல்லை" என்று முடிவு செய்யும்படி விடக்கூடாது. சந்தேகம் வந்தால் கதவைத் தட்டுவதுதான் அவள் வேலை.

அந்தத் தாளின் கீழ்ப் பாதி பெரிதாகிக்கொண்டே போகும், பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு காலையில் மூன்று பேரை அப்படி நுழைத்தால் மறுபடி பழைய கதைதான்.

---

ஈசூன்வாசி · வியாழன், காலை 9.20

நான் நோயாளி பக்கம். உங்கள் கிளினிக்காகக்கூட இருக்கலாம், ஹா ஹா. எனக்கு விதியெல்லாம் வேண்டாம் லா. வந்தவுடன் "இப்போது பதிந்தால் 11.30 போல ஆகும்" என்று சொன்னால் வீட்டுக்குப் போய்விட்டு வருவேன். "கொஞ்சம் வெயிட் பண்ணுங்க" என்று சொல்வதுதான் எரிச்சல். அப்புறம் ஏன் இரண்டு விதமான நம்பர்? ஹாலில் திரையில் 23க்கு அடுத்து 9 வந்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

---

முன்மேசை · வியாழன், மதியம் 1.40

@ஈசூன்வாசி, அது முக்கியமான விஷயம். அப்பாயின்ட்மென்ட்டுக்கு A, வாக்-இன்னுக்கு B என்று நம்பரைப் பிரிக்கச் சொல்லியிருக்கிறேன். "இரண்டு A போனால் ஒரு B" என்று கவுன்டரில் தமிழ், சீனம், மலாய், ஆங்கிலம் நான்கிலும் எழுதி ஒட்டப் போகிறோம். வரும்போதே தோராய நேரம் சொல்வதும். 11.30 என்று சொல்லி 11.10க்கே கூப்பிட்டால் ஆள் இருக்கமாட்டாரே என்று என் சக ஊழியர் கேட்டாள். அப்படி இல்லாவிட்டால் அடுத்த B போகட்டும், இவர் வந்ததும் அதற்கடுத்து என்று வைத்துக்கொண்டோம்.

டாக்டர் 7க்கு ஒத்துக்கொள்ளவில்லை, 8 என்கிறார். கூட்டிப் பார்த்தேன்: 112ம் 84ம் 196, மீதி 14 நிமிடம்தான். ஒரு நெஞ்சுவலி வந்தால் போயிற்று என்று சொன்னேன். "வரும்போது பார்ப்போம்" என்றார். எட்டாவது ஆளை 12.15க்குப் போட்டிருக்கிறேன், பிந்தினால் அவருடைய சாப்பாட்டு நேரம்தான் போகும்.

பிந்துபவர் விஷயத்தில் ஓய்வுதாதி அக்கா சொன்னதை அவர் ஆமோதிக்கிறார், வரிசைக்கணக்கு சொன்னதையும் ஆமோதிக்கிறார். ஆகவே 15 நிமிட விதி இருக்கும், சக்கர நாற்காலி ஆட்களுக்கு 11.40. மற்றவர்கள் காரணம் சொன்னால் என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை.

---

வரிசைக்கணக்கு · வியாழன், இரவு 9.50

8 என்றால் 8. சீட்டில் நாலு நேரத்தையும் விடாமல் எழுதுங்கள். பார்க்க வேண்டியது சராசரிக் காத்திருப்பு இல்லை. 11 மணிக்கு உரிய ஆள் எத்தனை மணிக்கு உள்ளே போனார் என்பதை மட்டும் ஒவ்வொரு திங்களும் குறித்துவையுங்கள். அது 11.20ஐத் தாண்டுவது வழக்கமாகிவிட்டால் எட்டாவது ஆள்தான் காரணமா, கவுன்டரா என்று அந்தச் சீட்டே காட்டும். ஜனவரியில் பள்ளி திறக்கும்போதும், சீனப் புத்தாண்டு விடுமுறை முடிந்த மறுநாளும் வாக்-இன் 14ஐத் தாண்டும். அந்த நாட்களுக்கு இப்போதே நாலு அல்லது ஐந்து ஸ்லாட்டோடு மூடிவிடுங்கள், பிறகு யாரையும் போனில் கூப்பிட்டுத் தள்ளிப்போட வேண்டிவராது.

---

பல்வரிசை · வியாழன், இரவு 10.15

சனிக்கிழமை காலைக்கு என்ன செய்கிறீர்கள்? எங்களுக்கே அன்றுதான் வலியோடு வருபவர்கள் அதிகம்.

---

முன்மேசை · வியாழன், இரவு 10.40

சனிக்கிழமை வாக்-இன் மட்டும்தான், அப்பாயின்ட்மென்ட் கிடையாது. அதைத் தொடவேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தடுப்பூசிக்காரர்கள் மட்டும் அன்றைக்கு நேரம் கேட்கிறார்கள், வேலைக்குப் போகிறவர்களுக்கு வேறு நாள் இல்லை. மதியம் 12க்கு மேல் ஒரு அரை மணியைத் தாதியிடம் ஊசிக்கு மட்டும் ஒதுக்கலாமா என்று யோசிக்கிறேன், டாக்டர் ஒரு முறை எட்டிப் பார்த்தால் போதும் என்றால்.

---

ஓய்வுதாதி · வெள்ளி, காலை 7.05

ஊசி போட்டபின் 15 நிமிடம் உட்கார வைக்க வேண்டும் அம்மா. உன் ஹாலில் அன்றைக்கு நாற்காலி இருக்கிறதா என்று முதலில் பார்.